குளுக்கோசு முடிந்ததும் பற்றீரியா ஏன் நிற்கிறது?

கேள்வி: அக்கா, நான் கொழும்பில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஈ. கோலைக்கு குளுக்கோசும் லக்ரோசும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் குளுக்கோசை முடித்து, கொஞ்ச நேரம் வளராமல் நின்று, பிறகுதான் லக்ரோசைத் தொடும் என்கிறார்கள். ஒரு நொதியம் செய்ய இரண்டு மூன்று நிமிடம்தானே வேண்டும், ஏன் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கிறது? எங்கள் குழு எல்.பி ஊடகத்தில் இரண்டு சீனியையும் போட்டுச் செய்து பார்த்தது. வரைபில் அந்தத் தட்டையான பகுதி வரவேயில்லை. அது ஏன்?

பதில்:

குளுக்கோசு இருக்கும்வரை லக்ரோசு கலத்துக்குள் போகவே வழியில்லை. உள்ளே போனால்தான் லக்ரோசு நொதியங்களைச் செய்யச் சொல்லும் செய்தி கிளம்பும். ஆகவே குளுக்கோசு தீரும் கணத்தில் பெரும்பாலான கலங்களின் கையில் லக்ரோசுக்கான புரதம் ஏதும் கிடையாது. அதைச் செய்யும் சக்தியும் அதே நேரத்தில்தான் குறைகிறது. எல்.பியில் ஏன் வரவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன், அதற்குக் காரணம் வேறு.

முதலில் உள்ளே போகும் வழி. லக்ரோசைக் கலமென்சவ்வின் ஊடாகக் கொண்டுபோவது பெர்மியேசு என்ற புரதம். உள்ளே போனதும் பீற்றா-கலக்ரோசிடேசு அதைக் குளுக்கோசாகவும் கலக்ரோசாகவும் உடைக்கும். இந்த இரண்டுக்குமான பரம்பரையலகுகள் லக் ஓப்பரனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வேண்டாத நேரத்தில் அவற்றை மூடி வைப்பது ஓர் அடக்கிப் புரதம். அடக்கியை டி.என்.ஏயிலிருந்து விடுவிப்பது லக்ரோசு அல்ல, அலோலக்ரோசு. அது பீற்றா-கலக்ரோசிடேசே லக்ரோசிலிருந்து ஓரமாகச் செய்துவிடும் பொருள். அதாவது ஓப்பரனைத் திறக்க முதலே கொஞ்சம் பெர்மியேசும் கொஞ்சம் நொதியமும் கலத்தில் இருந்தாக வேண்டும். அடக்கி எப்போதாவது ஒரு தடவை டி.என்.ஏயை விட்டு விலகும், அந்தக் கசிவில் கலத்துக்கு ஒரு சில மூலக்கூறுகள் கிடைக்கும். முழுதாகத் திறந்த நிலையோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாம் தொடங்குவது அந்தச் சொற்பக் கசிவிலிருந்துதான்.

குளுக்கோசு இதற்குள் எங்கே குறுக்கிடுகிறது? ஈ. கோலை குளுக்கோசை உள்ளே எடுக்கும்போதே அதன்மேல் ஒரு பொஸ்பேற்றை ஏற்றிவிடும். அந்தப் பொஸ்பேற்று பல புரதங்களின் கைமாறி வந்து கடைசியில் சீனியில் ஏறுகிறது. இந்த வரிசையில் இரண்டாம் நொதியத்தின் ‘ஏ’ பகுதி என்று அழைக்கப்படும் ஒரு சிறிய புரதம் உண்டு. குளுக்கோசு வேகமாக உள்ளே வரும்போது அதன் பொஸ்பேற்று உடனுக்குடன் பறிபோய்விடும். பொஸ்பேற்று இல்லாத அந்தப் புரதம் நேரே போய்ப் பெர்மியேசின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கசிவில் வந்த ஒன்றிரண்டு பெர்மியேசும் இப்படி அடைபட்டுப் போகும். வெளியே எவ்வளவு லக்ரோசு இருந்தாலும் உள்ளே அலோலக்ரோசு உருவாகாது, அடக்கியும் அசையாது. தூண்டியை வெளியே நிறுத்துவது என்று இதைச் சொல்வார்கள்.

பாடநூல்கள் பொதுவாக வேறு கதை சொல்கின்றன. குளுக்கோசு இருந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குறையும், அது குறைந்தால் லக் ஓப்பரன் நன்றாகப் படியெடுக்கப்படாது, ஆகவே லக்ரோசு காத்திருக்கிறது என்பது அந்தக் கதை. சோதனைத் தாளில் எழுதினால் புள்ளி கிடைக்கும். லக் ஓப்பரன் முழு வேகத்தில் ஓட சைக்ளிக் ஏ.எம்.பி தேவை என்பதும் உண்மைதான். ஆனால் இரு கட்ட வளர்ச்சிக்கு அதுதான் முக்கிய காரணமா என்று 1996இல் ஜப்பானில் இனாடா, கிமாடா, ஐபா ஆகியோர் நேரடியாகச் சோதித்தார்கள். குளுக்கோசில் வளரும் கட்டத்திலும் லக்ரோசில் வளரும் கட்டத்திலும் கலத்திலுள்ள சைக்ளிக் ஏ.எம்.பி ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. நடுவில் நிற்கும் நேரத்தில் மட்டும் அது தற்காலிகமாக உயர்ந்தது. வெளியிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பியைச் சேர்த்தபோதும் இடைநிறுத்தம் மறையவில்லை. அடக்கி இல்லாத விகாரிகளிலோ, ஐ.பி.ரி.ஜி சேர்த்த வளர்ப்பிலோ அது மறைந்தது. ஐ.பி.ரி.ஜி என்பது பெர்மியேசின் தயவு இல்லாமலே உள்ளே போகக்கூடிய செயற்கைத் தூண்டி. வாசலில் நடப்பதுதான் பெரிய விஷயம் என்று நான் சொல்வது இந்தச் சான்றை வைத்துத்தான்.

சரி, இப்போது உங்கள் மூன்று நிமிடக் கணக்குக்கு வருவோம். கணக்குப் பிழையில்லை. பீற்றா-கலக்ரோசிடேசின் ஒரு சங்கிலியில் 1023 அமினோ அமிலங்கள் உண்டு. நன்றாக வளரும் கலத்தில் றைபோசோம் ஒரு செக்கனுக்குப் பதினைந்து அளவில் கோர்க்கும், ஆகவே ஒரு சங்கிலிக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆர்.என்.ஏ எழுதும் நேரத்தையும் சேர்த்தால், ஐ.பி.ரி.ஜி போட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் முதல் நொதியம் தெரியத் தொடங்கும். ஆனால் அந்தக் கணக்கு இரண்டு விஷயங்களை எடுகோளாக வைத்திருக்கிறது: தூண்டி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, கலம் வயிறு நிறைந்த நிலையில் இருக்கிறது. குளுக்கோசு முடிந்த கலத்தில் இரண்டுமே இல்லை.

குளுக்கோசு தீர்ந்ததும் அந்தச் சிறிய புரதம் மறுபடி பொஸ்பேற்றை ஏற்றுக்கொண்டு பெர்மியேசை விட்டு விலகும். இது உடனே நடக்கும். அப்புறம் அந்த ஒன்றிரண்டு பெர்மியேசு வழியாகக் கொஞ்சம் லக்ரோசு உள்ளே வரும், அதில் கொஞ்சம் அலோலக்ரோசாக மாறும், ஓப்பரன் சற்றுத் திறக்கும், இன்னும் கொஞ்சம் பெர்மியேசு வரும், அதனால் இன்னும் லக்ரோசு வரும். இது தன்னைத் தானே ஊட்டும் சுழற்சி. ஒருமுறை வேகம் பிடித்தால் பிறகு நிற்காது, ஆனால் ஆரம்பம் மிக மந்தம். இதே நேரம் கலத்தின் கையிருப்பும் குறைகிறது. காபன் வரவு நின்றதும் அமினோ அமிலங்கள் குறையும், கலம் பட்டினி எச்சரிக்கையாக பி.பி.ஜி.பி.பி என்ற சிறு மூலக்கூறைக் குவிக்கும், றைபோசோம் கட்டும் வேலை அடங்கும். புதிய புரதங்களைக் கட்ட வேண்டிய நேரத்தில்தான் மூலப்பொருள் தட்டுப்பாடு வருகிறது. பழைய புரதங்களை உடைத்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களை வைத்துத்தான் முதல் பெர்மியேசுகளைச் செய்தாக வேண்டும். உடைந்த லக்ரோசில் பாதி கலக்ரோசு என்பதையும் மறக்க வேண்டாம். அதைப் பயன்படுத்தத் தனி நொதியங்கள் வேண்டும், அவையும் குளுக்கோசு இருந்தபோது அடங்கிக் கிடந்தவைதான்.

மூன்றாவது காரணம் எனக்குப் பிடித்தது, அநேகமான விளக்கங்களில் விடுபடுவதும் அதுதான். வரைபில் தெரியும் தட்டைக் கோடு ஒரு கலத்தின் கோடு அல்ல. குடுவையில் ஒரு மில்லிலீற்றருக்கு நூறு மில்லியன் அளவில் கலங்கள் இருக்கும், அவை எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புவதில்லை. கசிவு தற்செயலானது. குளுக்கோசு தீரும் கணத்தில் ஒரு கலத்தில் ஐந்து பெர்மியேசு இருக்கலாம், பக்கத்துக் கலத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தனித்தனிக் கலங்களை நுணுக்குக்காட்டியில் தொடர்ந்து படம் பிடித்தபோது, சில கலங்கள் கிட்டத்தட்ட நிற்காமலே லக்ரோசுக்கு மாறுவதும், மற்றவை நீண்ட நேரம் அசையாமல் கிடப்பதும் தெரிந்தது.

இதை எண்ணில் பார்ப்போம். பத்தில் ஒரு கலம் மட்டும் உடனே மாறி, மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, மற்ற ஒன்பதும் சும்மா இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கலங்களின் அளவைக் காட்டும் ஒளி உறிஞ்சல் 0.60இல் நின்றதென்றால், ஒரு மணித்தியாலம் கழித்து ஒன்பது பங்கு அப்படியே, ஒரு பங்கு இரண்டாகி, மொத்தம் 0.66. இரண்டு மணித்தியாலத்தில் 0.78. அந்த 0.60இலிருந்து 0.66 வரைக்குமான ஏற்றத்தைப் பார்த்தால் யாரும் ‘நிற்கிறது’ என்றுதான் சொல்வார்கள், ஆனால் உள்ளே ஒரு சிறு கூட்டம் முழு வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. உண்மையான ஈ. கோலை வளர்ப்பில் கோடு இதைவிடச் சடாரென்று எழும், அதாவது பின்தங்கிய கலங்களில் பலவும் சற்றுத் தாமதித்தாவது எழும்புகின்றன. ஆகவே நிறுத்தம் எவ்வளவு நேரம் என்பதோடு, எழும் இடத்தில் மூலை கூராக இருக்கிறதா உருண்டையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூர் என்றால் கூட்டம் ஒன்றாக மாறியிருக்கிறது. உருண்டை என்றால் ஆளாளுக்கு வேறு நேரம்.

இனி உங்கள் எல்.பி குடுவை. எல்.பியில் ஈ. கோலை முக்கியமாக வாழ்வது சீனியில் அல்ல, புரதம் உடைந்து வந்த அமினோ அமிலங்களிலும் சிறு பெப்ரைட்டுகளிலும். குளுக்கோசு தீர்ந்தாலும் சாப்பாடு மேசையில் இருக்கிறது, ஆகவே வளர்ச்சி நிற்கக் காரணமில்லை. லக் புரதங்களைக் கட்ட அமினோ அமிலமும் தாராளம். அதற்கு மேல், எல்.பியில் ஒளி உறிஞ்சல் 0.3 தாண்டும்போதே வளர்ச்சி வேகம் தானாகக் குறையத் தொடங்கும். அதைப் பார்த்து இதுதான் இரு கட்ட வளர்ச்சி என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. காபன் மூலம் அந்த இரண்டு சீனிகள் மட்டுமே என்றாக வேண்டும், அதற்கு எம்-9 போன்ற உப்பு ஊடகம் வேண்டும். அமோனியம், பொஸ்பேற்று, மக்னீசியம், கல்சியம், அவ்வளவுதான். கடையில் விற்கும் குளுக்கோசுப் பவுடரையும் லக்ரோசுக்குப் பதிலாகப் பால்மாவையும் வைத்துச் சமாளிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பால்மாவில் புரதமும் கொழுப்பும் உண்டு, கலங்கலும் வரும், வேண்டாம். ஆய்வுகூடத் தர லக்ரோசு விலை அதிகமில்லை.

எந்த வகையைப் பயன்படுத்தினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆய்வுகூடக் குளிரூட்டியில் எப்போதும் கிடைப்பது டி.எச்-5-ஆல்பா, அதாவது டி.என்.ஏ பெருக்க வைத்திருக்கும் வகை. அதில் பீற்றா-கலக்ரோசிடேசின் ஒரு துண்டு வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கிறது. அது குளுக்கோசை முடித்துவிட்டு விடியும்வரை நிற்கும், லக்ரோசைத் தொடவே தொடாது. கே-12 எம்.ஜி-1655 போன்ற, லக் ஓப்பரன் முழுதாக உள்ள வகை வேண்டும்.

ஒரு குடுவையைக் கணக்கோடு போட்டுப் பார்ப்போம். லீற்றருக்கு 0.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் லக்ரோசு. ஒரு கிராம் குளுக்கோசிலிருந்து உலர் நிறையில் ஏறத்தாழ 0.4 தொடக்கம் 0.5 கிராம் கலம் வரும். ஒளி உறிஞ்சல் 1 என்றால் லீற்றருக்கு 0.35 தொடக்கம் 0.4 கிராம் அளவு உலர் கலம். ஆகவே குளுக்கோசு தீரும் இடம் ஏறத்தாழ 0.5க்கும் 0.7க்கும் நடுவில். வளர்ப்பை 0.02இல் தொடங்கினால் அந்த இடத்துக்கு வர ஏறத்தாழ ஐந்து இரட்டிப்பு வேண்டும். 37 பாகையில் எம்-9 குளுக்கோசில் ஓர் இரட்டிப்புக்கு ஒரு மணித்தியாலம் அளவு. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் நிறுத்தம் பகல் ஒரு மணிக்கு வரும். சரியாக எல்லாரும் கன்ரீனுக்குப் போகும் நேரம்! அரை மணிக்கு ஒருமுறை அளந்து, நடுவில் சாப்பிட்டும் வந்தால், நிறுத்தம் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் காணாமல் போய்விடும். 0.4 தாண்டியதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுங்கள். கொழும்பில் அறையே முப்பது பாகையைத் தொடும் என்று நம்பிக் குடுவையை மேசையில் விடவும் வேண்டாம், வளர்ச்சி மந்தமாகி இந்த நேரக் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும்.

அளவீட்டிலேயே ஒரு பொறி இருக்கிறது. பல கருவிகளில் உறிஞ்சல் 0.5 தாண்டினால் எண் உண்மையான கல அளவுக்கு நேர்விகிதமாக ஏறாது, கோடு தானாக வளையும். நிறுத்தம் வரவேண்டிய இடமும் அதுதான். ஆகவே 0.4க்கு மேல் மாதிரியை ஊடகத்தாலேயே நான்கு மடங்கு ஐதாக்கி அளந்து பெருக்குங்கள். வரைபையும் மடக்கை அச்சில் போடுங்கள், அப்போதுதான் இரண்டு கட்டங்களும் இரண்டு நேர்கோடுகளாகத் தெரியும்.

பக்கத்தில் இன்னும் இரண்டு குடுவை வையுங்கள். ஒன்றில் அதே 0.5 கிராம் குளுக்கோசு மட்டும், மற்றதில் லக்ரோசு மட்டும். குளுக்கோசுக் குடுவை 0.6 அளவில் நின்று அப்படியே இருக்க, கலவைக் குடுவை அதே உயரத்தில் நின்று பிறகு 2ஐயும் தாண்டிப் போனால், நிறுத்தத்துக்குக் காரணம் குளுக்கோசு தீர்ந்ததுதான். ஒட்சிசன் பற்றாக்குறையோ அமிலத்தன்மையோ காரணமென்றால் உயரங்கள் இப்படிப் பொருந்தாது. இந்தத் தர்க்கம் பாரிஸில் ஜக் மொனோ 1940களின் தொடக்கத்தில் பயன்படுத்தியது. அவர் குளுக்கோசோடு சோர்பிற்றோல் சேர்த்து, மொத்தத்தை மாற்றாமல் விகிதத்தை 50க்கு 150, 100க்கு 100, 150க்கு 50 என்று மாற்றினார். முதல் கட்டத்தின் உயரம் குளுக்கோசின் அளவோடும், இரண்டாவதின் உயரம் சோர்பிற்றோலின் அளவோடும் ஏறி இறங்கின. கலங்களுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்தில், உயரங்களை மட்டும் வைத்து, ஒன்று முடிந்துதான் மற்றது தொடங்குகிறது என்று காட்டிவிட்டார். உங்களால் நேரம் ஒதுக்க முடிந்தால் லக்ரோசோடு அதே மூன்று விகிதங்களையும் போட்டுப் பாருங்கள், ஒரு வரைபைவிட மூன்று வரைபுகள் நம்ப வைக்கும்.

விதை வளர்ப்பையும் கவனியுங்கள். முதல் நாள் இரவு லக்ரோசில் வளர்த்து எடுத்திருந்தால் கலங்கள் பெர்மியேசை நிறையச் சுமந்துகொண்டு வரும். ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறிய புரதத்தால் அத்தனை பெர்மியேசையும் அடைக்க முடியாது, நிறுத்தம் குறுகிவிடும். இரவு வளர்ப்பு எம்-9 குளுக்கோசில் இருக்கட்டும்.

நிறுத்த நேரத்தில் கலங்கள் சும்மா இல்லை என்பதை நிறத்திலேயே பார்க்கலாம். உறிஞ்சல் 0.4இலிருந்து பத்து நிமிடத்துக்கொரு மாதிரி எடுத்து உடனே பனிக்கட்டியில் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு துளி குளோரோபோமும் கொஞ்சம் எஸ்.டி.எஸ்ஸும் விட்டுக் குலுக்கினால் மென்சவ்வு ஓட்டையாகும். அதில் ஓ.என்.பி.ஜி சேர்த்து வையுங்கள். பீற்றா-கலக்ரோசிடேசு இருந்தால் மஞ்சள் வரும், சோடியம் காபனேற்றுக் கரைசல் விட்டால் தாக்கம் நிற்கும், 420 நானோமீற்றரில் அளக்கலாம். மாதிரிக் குழாய்களை வரிசையாக நிறுத்தினால் குளுக்கோசுக் கட்டத்தின் குழாய்கள் நிறமில்லாமல் இருக்கும், நிறுத்தத்தின் நடுவில் இலேசான மஞ்சள் தொடங்கும், உறிஞ்சல் மறுபடி ஏறும் நேரத்துக்குள் அது கடும் மஞ்சளாகிவிடும். நொதியம் முதலில், வளர்ச்சி அதற்குப் பிறகு.

கடைசியாக ஒரு குடுவை உங்கள் ஆசிரியர் அனுமதித்தால். அதே கலவையில் தொடக்கத்திலேயே 1 மில்லிமோலார் ஐ.பி.ரி.ஜி போடுங்கள். கலங்கள் குளுக்கோசில் வளரும்போதே லக் புரதங்களைச் செய்துகொண்டு வரும், நிறுத்தம் காணாமல் போகும் அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். அப்படி நடந்தால், குளுக்கோசு இருந்தும் ஓப்பரனைத் திறக்க முடிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வரைபை சைக்ளிக் ஏ.எம்.பியை மட்டும் வைத்து விளக்கச் சொல்லி யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், அவர்கள் சிரமப்படுவார்கள். மாறாக ஐ.பி.ரி.ஜி போட்டும் நிறுத்தம் நீண்டு நின்றால், முதலில் உங்கள் வகையின் லக் ஓப்பரன் முழுதாக இருக்கிறதா என்று லக்ரோசு மட்டும் உள்ள குடுவையைப் பாருங்கள். அதில் வளர்ச்சி இல்லையென்றால் டி.எச்-5-ஆல்பாவையோ அதன் உறவுக்காரர் யாரையோதான் வளர்த்திருக்கிறீர்கள்.